மஞ்சள் வாயுவும் 16 புள்ளிகளும்

விடைத்தாள்களைத் திருத்த அமரும்போதெல்லாம் நான் தவறாமல் சந்திக்கும் பிழை ஒன்று உண்டு. அம்மோனியா மூலக்கூற்றில் நைட்ரஜனின் தலைமேல் இரண்டு புள்ளிகளை ஒழுங்காக இட்டுக் காட்டிய மாணாக்கர், அதே அம்மோனியா ஒரு புரோட்டானை ஏற்று அம்மோனியம் அயனியாக மாறிய பின்பும், நான்காவது ஹைட்ரஜனைப் பக்கத்தில் சேர்த்து, நைட்ரஜன்மேல் கூட்டல் குறியையும் போட்டுவிட்டு, அந்தப் பழைய இரண்டு புள்ளிகளையும் இருந்த இடத்திலேயே விட்டு வைத்திருப்பார். அந்த இரண்டு புள்ளிகளே நான்காவது பிணைப்பாக மாறின என்பதும், அவ்வாறு மாறியதனாலேயே நைட்ரஜன்மேல் கூட்டல் குறி வந்தது என்பதும் அவர் மனத்தில் ஒன்றாகச் சேரவில்லை. பிணைப்பு ஒரு விஷயம், புள்ளி வேறொரு விஷயம், மின்சுமை மூன்றாவதொரு விஷயம் என்று தனித்தனியே மனப்பாடம் செய்தவருக்கு இப்பிழை நேர்வது இயல்பே. உண்மையில் இம்மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பத்திகள். எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்த அணுவொன்றில் அவற்றுள் எந்த ஒன்றை அறிந்தாலும் மற்ற இரண்டும் தாமே வந்து விழும்.

புள்ளிகளால் மூலக்கூற்றை வரையும் வழக்கம் கில்பர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க ரசாயன அறிஞரிடமிருந்து வந்தது. 1902-லேயே, அணுவை ஒரு கனசதுரமாகவும் அதன் எட்டு மூலைகளை எலக்ட்ரான்களின் ஸ்தானங்களாகவும் பாவித்து அவர் சித்திரங்கள் எழுதி வைத்திருந்தார். ஆனால் இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரான்களைப் பொதுவாக வைத்துக்கொள்வதே பிணைப்பு என்ற கருத்தை 1916-ஆம் ஆண்டில்தான் அவர் பகிரங்கமாக வெளியிட்டார். அது முதல் கரிமச் சேர்மங்களின் சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் இரண்டு எலக்ட்ரான்களைக் குறிக்கும் அடையாளமாயிற்று. பிணைப்பில் சேராமல் ஓர் அணுவிடமே தங்கிவிடும் இரண்டு எலக்ட்ரான்களைத் தனித்த ஜோடி என்கிறோம். அச்சிடுவோரும் ஆசிரியர்களும் சௌகரியத்தை உத்தேசித்துத் தனித்த ஜோடிகளைப் பெரும்பாலும் வரையாமலே விட்டுவிடுகிறார்கள். ஆகையால் புத்தகத்தில் காணும் சூத்திரத்தைப் படிப்பவர், அங்கே எழுதப்படாத புள்ளிகளைத் தாமே மீட்டு எழுதிக்கொள்ள வேண்டியவராகிறார்.

மீட்பதற்கான பிரமாணம் எளியது. ஓர் அணு, பிணைப்பே இல்லாமல் தனியே நிற்கும்போது தன் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்களை உடையதோ, அதிலிருந்து, மூலக்கூற்றினுள் அதற்குரியவை என்று நாம் கணக்கு வைக்கும் எலக்ட்ரான்களைக் கழிக்க வேண்டும். தனித்த ஜோடியின் இரண்டு எலக்ட்ரான்களும் அவ்வணுவுக்கே சொந்தம்; ஒவ்வொரு பிணைப்பிலும் பாதி, அதாவது ஓர் எலக்ட்ரான், அதற்குச் சேரும். கழித்து வரும் மிச்சமே முறைசார் மின்சுமை. நைட்ரஜனுக்கு வெளிக்கூட்டில் 5, அம்மோனியாவில் மூன்று பிணைப்புகளால் 3, தனித்த ஜோடியால் 2, ஆக 5, மிச்சம் பூஜ்யம். அம்மோனியத்திலோ நான்கு பிணைப்புகளால் 4; தனித்த ஜோடி இல்லை; மிச்சம் ஒன்று, அதுவே அந்தக் கூட்டல் குறி. அந்த மாணாக்கர் வரைந்தபடி நான்கு பிணைப்புகளும் ஒரு தனித்த ஜோடியும் இருந்திருந்தால், நைட்ரஜனைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான்கள் நின்றிருக்கும். மின்சுமையும் கூட்டலாக இராமல், ஐந்திலிருந்து ஆறு போய்க் கழித்தல் ஒன்றாக இருந்திருக்கும்.

இக்கணக்கைச் சில நாள் கைப்பழக்கமாகச் செய்தால் ஒரு கிரமம் தானே கண்ணுக்குத் தெரியும். எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்த ஆக்ஸிஜன், இரண்டு பிணைப்புகளும் இரண்டு தனித்த ஜோடிகளும் உடையதாய் நடுநிலையில் நிற்கிறது. அதற்கு ஒரு பிணைப்புக் கூடினால் ஒரு தனித்த ஜோடி குறைந்து கூட்டல் குறி வருகிறது. ஒரு பிணைப்புக் குறைந்தால் ஒரு தனித்த ஜோடி கூடிக் கழித்தல் குறி வருகிறது. நைட்ரஜனுக்கும் அவ்வாறே, அதன் நடுநிலை மூன்று பிணைப்புகளும் ஒரு தனித்த ஜோடியும் என்பது மட்டுமே வித்தியாசம். கார்பன் விஷயத்தில்தான் ஜாக்கிரதை தேவை. மூன்று பிணைப்புகள் மட்டுமே உடைய கார்பன், தனித்த ஜோடியுடன் இருந்தால் எட்டு எலக்ட்ரான்கள் நிரம்பி எதிர்மின்சுமை பெறும். தனித்த ஜோடி இல்லாமல் இருந்தால் ஆறே எலக்ட்ரான்களுடன் குறைபட்டு நேர்மின்சுமை பெறும். இரண்டும் உண்மையில் தோன்றக்கூடியவை. இரண்டின் குணங்களும் நேர் விரோதம். ஆதலால் மூன்று பிணைப்புள்ள கார்பனின்மேல் குறி ஒன்றும் இடாமல் விடுவது, காசோலையில் தொகையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போடுவதைப் போன்றது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்கிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதைக் காண CH2N2 என்ற ஒரே சூத்திரத்தை எடுத்துக்கொள்வேன். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன். இதைவிடச் சிறிய கரிமச் சேர்மங்கள் சிலவே. 1894-இல் ஹான்ஸ் ஃபான் பெக்மன் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தச் சூத்திரமுடைய ஒரு மஞ்சள் வாயுவைக் கண்டறிந்தார். டையசோமீத்தேன் என்பது அதன் பெயர். கொடிய நச்சு, வெடிக்கக் கூடியது. இதை ஈதரில் கரைந்த நிலையிலேயே தயாரித்துக் கையாளுவார்கள். அதற்குப் பயன்படும் கண்ணாடிக் கலங்களில் கீறலோ, அரைத்துச் சொரசொரப்பாக்கிய இணைப்போ இருக்கக்கூடாது என்பது ஆய்வுக்கூடங்களில் கண்டிப்பான நியமம், ஏனெனில் அத்தகைய கரடான பரப்பே அது வெடிப்பதற்குப் போதுமான காரணமாகிவிடும்.

இதன் மூலக்கூற்றை எவ்வாறு வரைவது? முதலில் எலக்ட்ரான்களை எண்ண வேண்டும். கார்பனிடமிருந்து 4, ஹைட்ரஜன்களிடமிருந்து 2, நைட்ரஜன்களிடமிருந்து 10, ஆக 16. மூலக்கூறு மொத்தத்தில் மின்சுமை அற்றதாகையால் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. அடுத்தபடியாக எந்த அணு எதனுடன் சேர்ந்திருக்கிறது என்ற எலும்புக்கூட்டைத் தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் புள்ளிக் கணக்கு முற்றிலும் மௌனம் சாதிக்கிறது. கார்பனும் இரண்டு நைட்ரஜன்களும் ஒரு முக்கோண வளையமாகி, நைட்ரஜன்கள் இரண்டும் தமக்குள் இரட்டைப் பிணைப்புக் கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு தனித்த ஜோடியுடன் நிற்பதாக வரைந்து பாருங்கள்: பிணைப்புகள் ஆறில் 12, தனித்த ஜோடிகள் இரண்டில் 4, ஆக 16, ஒவ்வோர் அணுவுக்கும் உரிய நிறைவு உண்டு, எந்த அணுவின்மேலும் மின்சுமை இல்லை. குற்றம் சொல்ல இடமே இல்லாத சித்திரம். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெளிவாகத் தெரியாத அந்தக் காலத்தில், பிணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, டையசோ சேர்மங்களை இத்தகைய வளையங்களாகவே ரசாயனிகள் எழுதிவந்தார்கள். ஆனால் மஞ்சள் வாயு அதுவன்று. அந்த வளையச் சேர்மத்தை உண்மையிலேயே தயாரிக்க 1960 வாக்கில்தான் முடிந்தது. டையசிரீன் என்று பெயர் பெற்ற அது நிறமற்ற வாயு, குணங்களும் வேறு. இரண்டு ஹைட்ரஜன்களையும் ஒரு நைட்ரஜன்மேல் ஏற்றி H2N–C≡N என்று எழுதினாலோ, அதுவும் 16 எலக்ட்ரான்களில் குறையின்றி அமைந்துவிடுகிறது. அது சயனமைடு என்னும் நிறமற்ற திடப்பொருள், வயலுக்கு உரமாக இடும் கால்சியம் சயனமைடின் உறவு. ஆகவே, மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே சூத்திரத்தின்கீழ் வாழ்கின்றன. அவற்றுள் எது நம் குடுவையில் இருக்கிறது என்பதைப் பரிசோதனையே சொல்ல வேண்டும். மஞ்சள் வாயுவில் கார்பன், நைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்கின்றன, ஹைட்ரஜன்கள் இரண்டும் கார்பனிடம் இருக்கின்றன என்பது அவ்வாறு கண்ட முடிவு.

எலும்புக்கூடு தெரிந்துவிட்டபின் கணக்கு மீண்டும் தன் வேலையைத் தொடங்கலாம். கார்பனிடம் இரண்டு ஹைட்ரஜன்கள், கார்பனுக்கும் நடு நைட்ரஜனுக்கும் ஒரு கோடு, நைட்ரஜன்கள் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு: நான்கு பிணைப்புகளில் 8 எலக்ட்ரான்கள் செலவாயின, கையில் மிச்சம் 8. அவற்றை ஓரத்திலிருந்து பங்கிடுவோம். கடைசி நைட்ரஜனுக்கு எட்டு நிறைய மூன்று ஜோடிகள் தேவை, கார்பனுக்கு ஒரு ஜோடி, கையிருப்புத் தீர்ந்தது. நடு நைட்ரஜன் மட்டும் இரண்டே பிணைப்புகளுடன், நான்கே எலக்ட்ரான்களுடன், வறுமையில் நிற்கிறது. அதன் குறை தீர வேண்டுமானால் அண்டை அணுக்களின் தனித்த ஜோடிகளில் இரண்டு, பிணைப்புகளாக மாறி அதனோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு வழிகள் இரண்டே. இரண்டு ஜோடிகளையும் கடைசி நைட்ரஜனே தரலாம். அல்லது கார்பன் ஒன்றும் கடைசி நைட்ரஜன் ஒன்றுமாகத் தரலாம். கார்பனிடம் ஒரே ஜோடிதான் உள்ளதாகையால் மூன்றாம் வழி இல்லை.

முதல் வழியில் கிடைப்பது H2C⁻–N⁺≡N. கார்பனிடம் மூன்று பிணைப்புகளும் ஒரு தனித்த ஜோடியும்: நான்கிலிருந்து ஐந்து போய்க் கழித்தல் ஒன்று. நடு நைட்ரஜனிடம் நான்கு பிணைப்புகள், தனித்த ஜோடி இல்லை: கூட்டல் ஒன்று. கடைசி நைட்ரஜனிடம் மூன்று பிணைப்புகளும் ஒரு தனித்த ஜோடியும்: பூஜ்யம். இரண்டாம் வழியில் கிடைப்பது H2C=N⁺=N⁻. கார்பன் நான்கு பிணைப்புகளுடன் நடுநிலை பெற, நடு நைட்ரஜன் முன்போலவே கூட்டல் ஒன்றுடன் இருக்க, கடைசி நைட்ரஜன் இரண்டு பிணைப்புகளும் இரண்டு தனித்த ஜோடிகளும் கொண்டு கழித்தல் ஒன்றைச் சுமக்கிறது. இரண்டிலும் மின்சுமைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம். மூலக்கூற்றின் மொத்த மின்சுமையும் அதுவே. ஆகவே கணக்குச் சரி.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் பார்வைக்கு உவப்பாக இல்லை என்று கருதுபவர், கார்பனின் தனித்த ஜோடியையும் பிணைப்பாக்கி, H2C=N≡N என்று மின்சுமையே இன்றி எழுதிவிட ஆசைப்படுவார்; பழைய நூல்களில் நைட்ரோ தொகுதியின் நைட்ரஜனுக்கு இரண்டு ஆக்ஸிஜன்களோடும் இரட்டைப் பிணைப்புத் தந்து ஐந்து பிணைப்புகள் எழுதிய வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. இதில் உள்ள அபாயம் யாதெனில், இரண்டு சோதனைகள் இதைப் பிடிப்பதில்லை. எண்ணிப் பாருங்கள்: பிணைப்புகள் ஏழில் 14, கடைசி நைட்ரஜனின் தனித்த ஜோடியில் 2, ஆக 16, மொத்தம் சரியாகவே இருக்கிறது. முறைசார் மின்சுமையும் ஐந்திலிருந்து ஐந்து போய்ப் பூஜ்யம், கூட்டுத்தொகையும் சரி. நடு நைட்ரஜனைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான்கள் என்று மூன்றாவதாக ஒரு முறை எண்ணினால் மட்டுமே, அங்கே பத்து நிற்பது தெரியும். இவ்விரண்டு எண்ணிக்கைகளும் வேறு வேறு என்பதை மாணாக்கர் குழப்பிக்கொள்ளக்கூடாது: மின்சுமைக்கு எண்ணும்போது பிணைப்பில் பாதியே அணுவுக்கு உரியது, எட்டு நிறைந்ததா என்று எண்ணும்போதோ பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களும் இரு அணுக்களுக்கும் உரியவை. நைட்ரஜனின் வெளிக்கூட்டில் நான்கு ஆர்பிட்டால்கள்தான் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்களுக்குத்தான் இடம். ஒன்பதாவதற்கு ஸ்தானமே இல்லை. கந்தகத்தையும் பாஸ்பரஸையும் சுற்றிப் பத்து, பன்னிரண்டு என்று எழுதும் வழக்கம் உண்டே என்றால், அவை அடுத்த வரிசைத் தனிமங்கள். அந்தச் சலுகை கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் கிடையாது. மின்சுமை இன்மை என்ற அழகுக்காக எட்டின் எல்லையை மீறுவதைவிட, எல்லையைக் காத்துக் கூட்டலையும் கழித்தலையும் பகிரங்கமாக எழுதிவிடுவதே நேர்மை என்பது என் அபிப்பிராயம்.

இனி, கிடைத்த இரண்டு சித்திரங்களுள் எது உண்மை? கார்பனைவிட நைட்ரஜன் எலக்ட்ரானை அதிகமாக விரும்பும் தனிமமாகையால், கழித்தல் குறி நைட்ரஜன்மேல் அமையும் H2C=N⁺=N⁻ என்பதற்கே முதலிடம் தருவது விதி. ஆனால் விதி தரும் முதலிடம் ஏகபோக உரிமையன்று. அணுக்களுக்கிடையேயுள்ள தூரங்களை அளந்தால், கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே சுமார் 1.30 ஆங்ஸ்ட்ராம், ஒற்றைப் பிணைப்பானால் அது சுமார் 1.47 இருக்க வேண்டும், ஆகவே அங்கே இரட்டைப் பிணைப்பின் தன்மை தெளிவு. நைட்ரஜன்களுக்கிடையே சுமார் 1.14 ஆங்ஸ்ட்ராம், இதுவோ, இரட்டைப் பிணைப்புக்குரிய சுமார் 1.25-ஐவிட, நைட்ரஜன் வாயுவின் முப்பிணைப்புக்குரிய 1.10-க்கே அருகில் இருக்கிறது. ஒரு பிணைப்பு ஒரு சித்திரத்துக்கும், மற்றொன்று மற்றொரு சித்திரத்துக்கும் சாட்சி சொல்கின்றன. மூலக்கூறு ஒரு கணம் இதுவாகவும் மறுகணம் அதுவாகவும் ஊசலாடுவதில்லை. எப்போதும் ஒரே நிலையில்தான் இருக்கிறது. அந்த ஒரே நிலையை ஒரே சித்திரத்தால் எழுத நம் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் சக்தி போதவில்லை என்பதனால், இரண்டையும் எழுதி இடையில் இருமுனை அம்பு ஒன்றை இடுகிறோம். உடனிசைவு என்று இதற்குப் பெயர். அம்பின் இரு பக்கமும் அணுக்கள் அசையாமல் இருக்க வேண்டும், புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே இடம் மாறலாம். ஆகையால் வளைய டையசிரீனையோ சயனமைடையோ இந்த அம்பினால் இவற்றோடு இணைப்பது பெருந்தவறு.

முறைசார் மின்சுமை என்பது பெயருக்கேற்ப ஒரு கணக்கு முறையே அன்றி, அணுவின்மேல் கருவி வைத்து அளந்த மின்சாரம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிணைப்பையும் சரிபாதியாகப் பிரித்தோம். இயற்கை அப்படிப் பிரிப்பதில்லை. அம்மோனியத்தில் கூட்டல் குறியை நைட்ரஜன்மேல் எழுதுகிறோம். ஆயினும் நைட்ரஜன் ஹைட்ரஜன்களிடமிருந்து எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், நேர்மின் தன்மை உண்மையில் ஹைட்ரஜன்கள்மேல் பரவிக் கிடக்கிறது. அந்த அயனியை அணுகும் ஹைட்ராக்சைடு, கூட்டல் குறியை நம்பி நைட்ரஜனைப் போய் முட்டுவதில்லை. ஹைட்ரஜனையே பற்றிக்கொண்டு போகிறது. நைட்ரஜனைச் சுற்றி எட்டும் நிறைந்துவிட்டபடியால் புதிய ஜோடிக்கு அங்கே இடமில்லை என்பதைச் சித்திரமே காட்டுகிறது. குறியை மட்டும் பார்த்தவர் இங்கே ஏமாறுவார். குறியையும் எட்டையும் சேர்த்துப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

டையசோமீத்தேன் நடந்துகொள்ளும் விதமும் இத்தகையதே. அதன் ஈதர்க் கரைசலில் அசிட்டிக் அமிலம் சேர்ந்தால், அமிலத்தின் புரோட்டான், விதிப்படி முதலிடம் பெற்ற சித்திரத்தின் கடைசி நைட்ரஜனிடம் செல்லாமல், இரண்டாமிடம் பெற்ற சித்திரத்தில் தனித்த ஜோடியோடு நிற்கிறதே, அந்தக் கார்பனிடமே சேர்கிறது. பிறக்கும் அயனி CH3–N⁺≡N. இதன் எலக்ட்ரான்களை எண்ணும்போது 4, 3, 10 என்று கூட்டி வந்த 17-இலிருந்து, மூலக்கூறு முழுமைக்கும் உள்ள நேர்மின்சுமைக்காக ஒன்றைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் ஒற்றைப் புள்ளி ஒன்று இருக்க இடமின்றித் திண்டாடுவதே பிழையின் அடையாளம். 16-இல், ஹைட்ரஜன்களின் மூன்று பிணைப்புகளுக்கு 6, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே 2, முப்பிணைப்பில் 6, கடைசி நைட்ரஜனின் தனித்த ஜோடிக்கு 2. நடு நைட்ரஜன் நான்கு பிணைப்புகளோடு, தனித்த ஜோடி இன்றி, கூட்டல் குறியைத் தாங்குகிறது.

அடுத்த கணத்தில், புரோட்டானை இழந்த அசிட்டேட் அயனி, ஆக்ஸிஜன்மேலுள்ள மூன்று தனித்த ஜோடிகளில் ஒன்றை நீட்டிக் கார்பனைத் தாக்குகிறது. கார்பனுக்கும் நடு நைட்ரஜனுக்கும் பொதுவாக இருந்த ஜோடியை நைட்ரஜனே எடுத்துக்கொண்டு விலகுகிறது. நான்கு பிணைப்புகள் மூன்றாகி, ஒரு தனித்த ஜோடி வந்து சேர்ந்து, அதன் மின்சுமை பூஜ்யமாகிவிடுகிறது. கடைசி நைட்ரஜனின் நிலையும் அதுவே. இரண்டும் சேர்ந்து நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன் வாயுவாய்க் குமிழிகளாக எழுகின்றன. ஆக்ஸிஜனோ ஒரு பிணைப்புக் கூடி, ஒரு ஜோடி குறைந்து, கழித்தல் குறியை இழந்து, மெத்தில் அசிட்டேட்டின் அங்கமாகிறது. அமிலத்தில் மஞ்சள் கரைசலைத் துளித்துளியாக விட்டுவரும் ரசாயனி, ஒவ்வொரு துளியும் நிறம் மறைந்து குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு துளியின் மஞ்சள் மறையாமல் நின்றுவிட்டதைக் கண்டதும் கையை எடுத்துவிடுகிறார். கலத்தில் புரோட்டான் தர அமிலம் மிச்சமில்லை.